மேகலை பம்ப்ஸ் பற்றிப் பேசமாட்டேன்

குற்றாலம் பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்ததால் காலையிலேயே குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். ஐந்தருவியிலும் அப்படித்தான். சென்னையிலிருந்து வேனில் வந்து இறங்கியிருந்த அகத்தி கேபிடல்காரர்கள் தோளில் துண்டோடு போய், போலீஸ் கயிற்றைப் பார்த்துவிட்டு, துண்டு நனையாமலே விடுதிக்குத் திரும்பினார்கள். சீசனுக்கு வந்து அருவியைக் கண்ணால் மட்டும் பார்த்தவர்களுக்கு என்ன மனநிலை இருக்குமோ அந்த மனநிலையில் கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால்தான், அவர்களிடம் வேலை கேட்டிருந்த ஜெயபிரியா தன்னுடைய ஆறு வருட ஆராய்ச்சியை எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

ஜெயபிரியாவுக்குச் சொந்த ஊர் குற்றாலத்துக்குப் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரம். நெல் விதைத்த குடும்பம். அப்பா போன பிறகு வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். தென்காசிக்கு பஸ் ஏறிப் போய் பி.காம் படித்தவள், சென்னையில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்தாள். மேல் மாடியில் ஆராய்ச்சிப் பிரிவு இருந்தது. சந்தையில் பட்டியலான நிறுவனங்களைத் துருவி ஆராய்ந்து, இந்தப் பங்கை வாங்கலாம், இதை விற்கலாம் என்று அறிக்கை எழுதுகிறவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள் தூக்கிப்போட்ட பழைய ஆண்டறிக்கைகளை எடுத்து வந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் படிப்பாள். முதலில் கடைசிப் பக்கத்துக் குறிப்புகளைத்தான் படிப்பாள். நிறுவனங்கள் சொல்லப் பிடிக்காததையெல்லாம் அங்கேதான் பொடி எழுத்தில் போட்டு வைக்கும் என்று யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டாள். எக்செல்லையும் அப்படித்தான் தானாகக் கற்றாள். ஆராய்ச்சியாளருக்கான தேர்வை எழுதித் தேறி, மேல் மாடிக்கு மாறினாள். மோட்டார், பம்ப், காற்றாலை உறுப்புகள் செய்கிற நடுத்தர நிறுவனங்கள் அவள் பொறுப்பு.

மார்ச்சில் அந்த நிறுவனம் நடுத்தரப் பங்குகள் பிரிவையே மூடிவிட்டது. நான்கு மாதமாக வேலை இல்லை, ஊருக்கே திரும்பியிருந்தாள். மும்பையில் இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள், சம்பளமும் பரவாயில்லை. ஆனால் பெரிய குழுவில் யாரோ ஒருவருக்கு எண்களைத் திரட்டித் தருகிற வேலை. அகத்தி கேபிடல் சின்ன நிறுவனம், பணக்காரர்களின் முதலீட்டை நிர்வகிப்பது. அங்கே ஓர் ஆராய்ச்சியாளர் ஒரு துறையை முழுக்கத் தன் கையில் வைத்திருக்கலாம், எந்த ஊரிலிருந்தும் வேலை செய்யலாம். இந்த வேலையைத்தான் ஜெயபிரியா கேட்டாள். வருடாந்தரக் கூட்டத்துக்கு அவர்களே குற்றாலம் வருகிறார்கள் என்றதும், வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள் என்று சிரித்துக்கொண்டாள்.

முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அவள் கையில் இருந்த துருப்புச் சீட்டு மேகலை பம்ப்ஸ். நான்கு வருடத்துக்கு முன்னால், யாரும் சீண்டாத நேரத்தில், ஜெயபிரியா அதை வாங்கலாம் என்று எழுதினாள். பங்கு மூன்று மடங்கானது. அதன் ஒவ்வொரு எண்ணும் அவளுக்கு அத்துப்படி. வருங்கால விற்பனையையும் லாபத்தையும் கணித்துக் காட்டும் எக்செல் தாளுக்குக் கணக்கு மாதிரி என்று பெயர்; பழைய நிறுவனத்தில் அவள் கட்டியது அந்த நிறுவனத்தின் சொத்து, அதை எடுத்து வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஆண்டறிக்கைகளையும், பங்குச் சந்தைக்கு நிறுவனம் அனுப்பிய அறிவிப்புகளையும் மட்டும் வைத்து, வெறும் தாளிலிருந்து புதிதாகக் கட்டியிருந்தாள். எட்டுப் பக்கம் மேகலை, இரண்டு பக்கம் வேறொரு கியர் நிறுவனம், ஒரு பக்கம் தன்னுடைய பரிந்துரைகளின் வரலாறு. தயார்.

அப்போதுதான் தம்பி மாரிச்செல்வம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான்.

மாரிச்செல்வம் ஏப்ரலில் மேகலை பம்ப்ஸிலேயே விற்பனை அதிகாரியாகச் சேர்ந்திருந்தான். ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கத்து முகவர்கள் அவன் கையில். இதை ஜெயபிரியா வேலைக்கான விண்ணப்பத்தில் தெளிவாகவே எழுதியிருந்தாள். படத்துக்குக் கீழே, ‘நாளைக்கு இதைச் சொல்லி அசத்து’ என்று ஒரு வரியும் இரண்டு கட்டைவிரலும். எப்போதும்போல ஏதோ முகவர் கூட்டப் படம் என்று நினைத்துத் தொட்டுவிட்டாள். ஜூன் காலாண்டின் மொத்த விற்பனை, லாபம், எல்லாம் ஒரே தாளில் இருந்தன. நிறுவனம் அதை வெளியிட இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது.

கண் மூடுவதற்குள் மூளை படித்துவிட்டது. அதுதான் இந்தத் தொழிலில் வந்த வினை. மற்றவர்களுக்கு அது எண்கள் நிறைந்த தாள். அவளுக்கு, தெரிந்தவர் முகத்தைப் பார்த்த மாதிரி.

“ஏலே மாரி, இங்கன வா” என்று கூப்பிட்டாள்.

அவன் கையில் முறுக்கோடு வந்தான். “பாத்தியா? எப்படி?”

“இது ஒனக்கு எப்படிலே கெடச்சுது?”

“எங்க ஜோனல் மேனேஜர் தப்பா எங்க குரூப்ல போட்டுட்டாரு. ஒடனே அழிச்சிட்டாரு. அதுக்குள்ள நான் எடுத்துட்டேன்லா.” பெருமையாகச் சொன்னான். “ஒனக்குத்தான் ஒதவும்னு.”

“வேற யாருக்கு அனுப்பின?”

“ஒனக்கு மட்டும்தான். என்னட்டி, பேயப் பாத்த மாதிரி பாக்க?”

“இது வெளியாகாத தகவல்லே. இத வச்சு யாரும் பங்கு வாங்கவும் கூடாது, விக்கவும் கூடாது, இன்னொருத்தங்களுக்குச் சொல்லவும் கூடாது. பங்குச் சந்தையக் கண்காணிக்கிற செபி கேட்டா நீயும் மாட்டுவ, நானும் மாட்டுவேன். காலையில மொத வேலையா ஒங்க கம்பெனி கம்ப்ளையன்ஸ் ஆபீசர்ட்ட நடந்தத அப்படியே சொல்லிரு. அவுக சொல்லுத மாதிரி செய்யி.”

“நல்லாருக்கே கத. அக்காளுக்கு ஒதவி பண்ணுனா அக்காளே புடிச்சுக் குடுக்கா.” முறுக்கை நொறுக்கினான். பிறகு குரலைத் தாழ்த்தி, “சரி, ஒன் கணக்கும் அதுவும் ஒத்துப் போச்சா?” என்றான்.

ஒத்துப்போனதா, கூடியதா, குறைந்ததா என்று ஜெயபிரியா முகத்தில்கூடக் காட்டவில்லை. அவனுக்கு அது தெரிந்தால் ஒன்றும் ஆகாது. ஆனாலும் காட்டவில்லை.

உள்ளேயிருந்து அம்மா பார்வதியம்மாள், “ரெண்டும் எதுக்கு மல்லுக்கட்டுதிய?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்லம்மா. ஒம் மகன் எனக்கு வேல வாங்கித் தாரானாம்.”

அவன் போன பிறகு கணினி முன்னால் உட்கார்ந்தாள். மேகலை பற்றிய எட்டுப் பக்கமும் போன வாரமே முடிந்தவை. அந்தத் தாளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதியவை. ஒரு எழுத்துகூட மாற்றாமல் அப்படியே காட்டினால் யார் கேட்கப்போகிறார்கள் என்று தோன்றியது. ஆனால் கேள்வி கேட்பார்களே. இந்த லாப விகிதம் நிற்குமா என்பார்கள். நிற்கும் என்றாலும் நிற்காது என்றாலும், வாயிலிருந்து வருவது அவளுடைய கணிப்பா, தம்பி அனுப்பிய தாளா என்று இனி அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. தெரிந்த எண்ணுக்குப் பக்கத்தில் தன் பழைய எண்ணை வைத்துக்கொண்டு, அதை நம்புவது மாதிரி பேசுவதும் ஒரு வகையில் ஏமாற்றுத்தான்.

எட்டுப் பக்கத்தையும் எடுத்தாள். இரண்டு பக்கமாக இருந்த கியர் நிறுவனத்தை விரித்து எழுத ஆரம்பித்தாள். அந்தக் கணக்கு மாதிரியும் அவளே கட்டியதுதான், ஆனால் மேகலை போலக் கவர்ச்சி கிடையாது. அந்த நிறுவனத்தைப் பற்றி அவள் சொன்னது ஒரு தடவை படுமோசமாகத் தவறியிருந்தது.

காலையில் மாரிச்செல்வம்தான் பைக்கில் கொண்டு விட்டான். சூரியகாந்தி வயலோரம் புகைப்படம் எடுக்க வந்த கார்கள் சாலையை அடைத்து நின்றதில் கொஞ்ச நேரம் போயிற்று. காருக்கு நடுவில் பைக்கை நுழைத்துக்கொண்டே, “பேசிட்டேன்” என்றான்.

“என்ன சொன்னாவ?”

“படத்த அழிக்காதீங்க, யாருக்கும் அனுப்பாதீங்க, நடந்தத எழுதி மெயில் போடுங்கன்னாவ. மேனேஜருக்குத்தான் மண்டகப்படி. எனக்கு மெமோ வரும்போல.” கடைசிக் காரையும் தாண்டினான். “ஒம் பேரையும் கேட்டாவ. சொல்லிட்டேன்.”

“சொல்லத்தான் செய்யணும்.”

“வேல கெடைக்காட்டி என்னத் திட்டுவியா?”

“கெடைச்சாலும் திட்டுவேன். ரோட்டப் பாத்து ஓட்டு.”

கூட்ட அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் நிறுவனர் கணபதிசுப்பிரமணியன். கல்லிடைக்குறிச்சிக் குடும்பம், சென்னையில் வளர்ந்தவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். கூப்பிட்டுவிட்டாரே தவிர, அருவி பறிபோன எரிச்சல் முகத்தில் இருந்தது. அவருக்கு வலப்பக்கம் சாய்கிருஷ்ணன், இளம் ஆராய்ச்சியாளன். இடப்பக்கம் ஜைனப், விதிகள் மீறப்படாமல் பார்த்துக்கொள்கிற கம்ப்ளையன்ஸ் அதிகாரி. கடையநல்லூர்க்காரர். ஜெயபிரியா விண்ணப்பத்தோடு அனுப்பியிருந்த தாள்களை வரிவரியாகப் படித்துக் குறித்து வைத்திருந்தார்.

“உக்காருங்கோ. மேகலை பம்ப்ஸ் பத்தித்தான் உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன்” என்று கணபதிசுப்பிரமணியன் ஆரம்பித்தார். “அந்தக் காலத்துல நீங்க எழுதின ரிப்போர்ட்டை நான் படிச்சிருக்கேன். இப்ப என்ன நினைக்கறேள்?”

“சார், மேகலை பம்ப்ஸ் பத்தி இன்னைக்கு நான் எதுவும் பேசமாட்டேன். நேத்து வரைக்கும் பேசலாம்னுதான் தயார் பண்ணியிருந்தேன். நேத்து சாயங்காலம், வெளியாகாத தகவல் ஒண்ணு, நான் கேக்காம என்கிட்ட வந்துட்டுது. படிச்சிட்டேன். அதனால முடியாது.”

ஜைனபின் பேனா நின்றது. “என்ன தகவல்னு சொல்லிராதீங்க” என்றார் உடனே.

“சொல்லல மேடம்.”

“யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு எனக்கு மட்டும் அப்பறமா எழுதிக் குடுங்க. அந்தக் கம்பெனிக்குத் தெரியுமா?”

“காலையில அவங்க கம்ப்ளையன்ஸ் ஆபீசர்ட்ட சொல்லியாச்சு.”

கணபதிசுப்பிரமணியன் நாற்காலியில் சாய்ந்தார். “அம்மா, நான் தகவல் கேக்கலை. உங்க அபிப்பிராயம் கேக்கறேன். அது நேத்திக்கு முன்னாடியே இருந்திருக்குமே.”

“இருந்துச்சு சார். ஆனா இப்ப அத எப்படிச் சொன்னாலும், சொல்லுத விதத்துலயே அது வந்துரும்.”

“பொதுவா நல்லாருக்கா, கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணுமா, அந்த அளவுக்காவது?” என்று கேட்டான் சாய்கிருஷ்ணன்.

“அந்த அளவுக்குக்கூட இல்ல.”

“முகத்தைப் பாத்தா நல்ல சேதி மாதிரின்னா தெரியறது” என்றார் கணபதிசுப்பிரமணியன்.

“சார்” என்றார் ஜைனப்.

“சும்மா சொன்னேன் ஜைனப்.”

“சும்மாகூட வேண்டாம் சார். இனிமே அந்தப் பங்க நம்ம தடைப் பட்டியல்ல போடணும். அவங்க ரிசல்ட் வெளியாகி, ரெண்டு நாள் கழியுற வரைக்கும் நம்ம யாரும் வாங்கவும் கூடாது, விக்கவும் கூடாது.”

கணபதிசுப்பிரமணியன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எதுக்கு? இந்தப் பொண்ணு ஒரு எண்ணும் சொல்லலையே. அது மட்டுமில்லை, நாம இந்த வாரம் அதுல...”

“சார், அதையும் இங்க சொல்லாதீங்க. அவங்க இன்னும் நம்ம ஆள் இல்ல.”

வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். சாய்கிருஷ்ணன் சிரிப்பை அடக்க மேசைக்கடியில் ஏதோ தேடினான்.

“அவங்க சொல்லலங்கிறது நமக்குத் தெரியும்” என்று ஜைனப் விளக்கினார். “நாளைக்கு ரிசல்ட் வந்து பங்கு ஏறிச்சோ எறங்கிச்சோ, அதுக்கு முந்தின வாரம் நாம வாங்கியிருந்தா, இந்த ரூம்ல என்ன பேசினோம்னு கேப்பாங்க. நாம நாலு பேரும் ஒண்ணும் பேசலன்னு சொன்னா யாரு நம்புவா?”

வெளியே சாரல் தகரக் கூரையில் சடசடத்தது. தான் வாய் திறந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் இவர்களுடைய ஒரு திட்டத்துக்கே பூட்டுப் போட்டுவிட்டோம் என்று ஜெயபிரியாவுக்குப் புரிந்தது. வேலைக்கு வந்தவள் எடுத்ததும் நஷ்டம் வைத்தால் யார் சேர்த்துக்கொள்வார்கள்? ஆனால் வேறு எப்படியும் செய்திருக்க முடியாது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

“சரி” என்றார் கணபதிசுப்பிரமணியன் சுரத்தில்லாமல். “வேற என்ன கொண்டு வந்திருக்கேள்?”

“மொதல்ல என் வரலாறு சார்.”

திரையில் ஒரே ஓர் அட்டவணை வந்தது. ஆறு வருடத்தில் அவள் பெயரில் வெளியான எல்லாப் பரிந்துரைகளும் இருந்தன. தேதி, வாங்கச் சொன்னதா விற்கச் சொன்னதா, ஒரு வருடத்தில் என்ன ஆயிற்று, அதே காலத்தில் நடுத்தரப் பங்குகளின் ஒட்டுமொத்தப் போக்கைக் காட்டும் குறியீடு என்ன ஆயிற்று. பழைய நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கித்தான் இதைத் தொகுத்திருந்தாள். வெளியான அறிக்கைகள் மட்டும், அதிலும் இப்போது நடப்பில் இல்லாதவை மட்டும். வாடிக்கையாளர் பெயர் ஒன்றுகூட இல்லை.

“முப்பத்தெட்டு பரிந்துரை. இருபத்திமூணு குறியீட்டை ஜெயிச்சுது, பதினொண்ணு தோத்துச்சு. மீதி நாலு, வருஷம் முடியுறதுக்குள்ள நாங்க பாக்குறத நிறுத்திட்டோம். அத ஜெயிச்சதுலயும் சேக்கல, தோத்ததுலயும் சேக்கல, தனியா காட்டியிருக்கேன்.”

“எந்த விலையில இருந்து கணக்குப் போட்டீங்க?” சாய்கிருஷ்ணன் கேட்டான். “ரிப்போர்ட் வந்த அன்னைக்கா?”

“மறுநாள் முடிவு விலையில இருந்து. ரிப்போர்ட் வந்ததுமே விலை நகந்துரும். அந்தப் பழைய விலையில வாங்க யாராலயும் முடியாது. யாராலயும் வாங்க முடியாத விலைய வச்சு நான் பெருமை பேசக் கூடாதுல்லா.”

கணபதிசுப்பிரமணியன் முதல்முறையாகத் திரையை உற்றுப் பார்த்தார். “சராசரியா குறியீட்டை விட ஒம்பது சதவீதம் அதிகம்ங்கறேள். கீழே அஞ்சுன்னு இன்னொரு வரி இருக்கே?”

“மேகலை பம்ப்ஸ எடுத்துட்டா அஞ்சு சார். அந்த ஒரு பங்குதான் சராசரியத் தூக்குது. அந்த ஒண்ணு அதிர்ஷ்டமா இருக்கலாம்னு நீங்க கேப்பீங்க. அதான் ரெண்டையும் வச்சேன்.” ஜைனபைப் பார்த்து, “அந்தப் பழைய வரி பொதுவுல இருக்கறது மேடம். அது இருக்கலாம்ல?” என்றாள்.

“நாலு வருஷத்துக்கு முந்தினது, இருக்கட்டும். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்.”

“குறியீட்டைக் கழிக்காம, மொத்தமா பதினெட்டு சதவீதம் சம்பாதிச்சுக் குடுத்தேன்னு சொல்லிக்கத் தோணலையா?” என்று கேட்டார் கணபதிசுப்பிரமணியன். கிண்டலா, சோதனையா என்று தெரியவில்லை.

“நான் யாருக்கும் சம்பாதிச்சுக் குடுக்கல சார். நான் எழுதினேன். வாங்கினாங்களா இல்லையான்னே எனக்குத் தெரியாது. இனிமேலும் இவ்வளவு வரும்னு இந்த அட்டவணை சொல்லாது.”

பிறகு கியர் நிறுவனத்தைத் திறந்தாள். காற்றாலைகளுக்குப் பற்சக்கரப் பெட்டி செய்கிற நிறுவனம். ஆலங்குளம் பக்கம் வரிசையாய்ச் சுற்றுகிறவற்றில் பாதிக்குமேல் அவர்களுடைய பெட்டிதான் இருக்கும். தோற்ற பதினொன்றில் மோசமாகத் தோற்றதே இதுதான் என்று சொல்லித்தான் ஆரம்பித்தாள்.

“அப்ப இவங்க கையில பெரிய ஆர்டர் இருந்துச்சு. ரெண்டு வருஷத்து விற்பனைக்குச் சமம். அத அப்படியே விற்பனையா மாத்தி என் கணக்குல போட்டுட்டேன். வாங்குன்னு எழுதினேன். முப்பது சதவீதம் விழுந்துச்சு.”

“ஆர்டர் ரத்தாயிடுத்தா?”

“ஒண்ணுகூட ரத்தாகல சார். காத்தாலைக்குக் கோபுரமெல்லாம் நட்டாச்சு, கரண்ட்ட எடுத்துட்டுப் போக லைன் இல்ல. துணைமின் நிலையம் முடியாம காத்தாலைக்காரன் பெட்டிய வாங்கமாட்டான். வாங்கினாலும் பணம் குடுக்கமாட்டான். ஆர்டரப் பாத்தேன், லைனப் பாக்கல.”

இப்போது கட்டியிருக்கிற மாதிரியில் அதைத்தான் மாற்றியிருந்தாள். ஒவ்வொரு பெரிய ஆர்டரும் எந்தத் துணைமின் நிலையத்தை நம்பியிருக்கிறது, அதன் பணி எந்த மாதம் முடியும் என்று மின்துறை வெளியிடுகிற அறிக்கைகளிலிருந்து எடுத்துச் சேர்த்திருந்தாள். அந்த மாதம் தள்ளிப்போனால் விற்பனையும் தள்ளிப்போகும். விற்ற சரக்குக்குப் பணம் வர ஆகும் நாட்களும் கூடும். எக்செல்லின் ஒரு கட்டத்தில் தாமதம் ஆறு மாதம் என்று மாற்றிக் காட்டினாள். லாபம் கொஞ்சம்தான் குறைந்தது, கையில் வரும் பணம் பாதியாகிவிட்டது.

“லாபத்தைப் பாத்தா பயமில்ல. காசப் பாத்தாத்தான் பயம்” என்றாள். “லைன் நேரத்துல முடிஞ்சா இந்த விலை மலிவு. ஆறு மாசம் தள்ளினா சரியான விலை. ஒரு வருஷம் தள்ளினா கடன் வாங்கணும், அப்ப விலை அதிகம். என் கணிப்பு நடுவுல. அதனால இப்ப வாங்கச் சொல்லமாட்டேன். ரெண்டு துணைமின் நிலையம் ஒப்புதல் வாங்குற வரைக்கும் காத்திருப்பேன்.”

“இந்த எண்ணெல்லாம் எங்க இருந்து?” ஜைனப் கேட்டார்.

“மஞ்சள்ல இருக்கற ஒவ்வொரு கட்டத்துலயும் எந்த அறிக்கை, எந்தப் பக்கம்னு போட்டிருக்கேன் மேடம். நீங்க எத வேணும்னாலும் தட்டிப் பாக்கலாம். பழைய ஆபீஸ்ல இருந்து ஒரு கட்டம்கூட எடுக்கல.”

ஜைனப் தட்டிப் பார்த்தார். ஒன்றிரண்டு அல்ல, பன்னிரண்டு கட்டங்களைத் தட்டினார். ஒன்றில் பக்க எண் தப்பாக இருந்தது. ஜெயபிரியா அந்த இடத்திலேயே அறிக்கையைத் திறந்து சரியான பக்கத்தைக் காட்டி, திருத்தினாள். எண் சரியாக இருந்தது.

“உங்க குடும்பத்துல யாராவது இதுல பங்கு வச்சிருக்காங்களா?”

“எங்க குடும்பத்துல பங்கு வச்சிருக்கறதே யாரும் இல்ல மேடம். எங்கம்மாவுக்குப் பங்குன்னாலே வயல்ல பங்காளிதான்.”

ஜைனப் சிரித்துவிட்டார்.

கணபதிசுப்பிரமணியன் எழுந்து ஜன்னலுக்குப் போனார். மழை விட்டிருந்தது. “சாப்பிட்டுட்டு இருங்கோ. கூப்பிடறேன்” என்று மட்டும் சொன்னார்.

விடுதி வராந்தாவில் ஜெயபிரியா காத்திருந்தாள். கதவு சாத்தியிருந்தாலும் கணபதிசுப்பிரமணியன் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. நடுவில் ஜைனபின் குரல் நிதானமாக, நீளமாகப் போயிற்று. பிறகு கதவு திறந்து அவர் மட்டும் வந்தார், கையில் இரண்டு டீ.

“கோவமா இருக்காவளா?” ஜெயபிரியா கேட்டாள்.

“பின்ன இருக்காதா? நேர்ல வராம அறுநூறு கிலோமீட்டர் தள்ளி வீடியோல பேசியிருந்தா, நெட் சரியில்லன்னுட்டுப் போயிருப்பீங்க, பங்கும் பூட்டு விழாமத் தப்பிச்சிருக்கும்னு சொல்லுதாரு.” ஊர்க்காரியிடம் பேசும்போது ஜைனபுக்கும் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. “நான் சொன்னேன், இந்தப் பிள்ள பேசாம எட்டுப் பக்கத்தையும் காட்டியிருந்தா, சேந்த பெறவு அந்தக் கம்பெனி இவ பேரோட செபிக்கு எழுதியிருக்கும். அப்ப நம்ம பேரும் சேந்துல்லா போயிருக்கும்னேன். அதக் கேட்டுட்டு எண்ணெ மசாஜ்காரரக் கூப்பிடுதாரு.”

“அப்ப?”

“டீயக் குடிங்க. நான் ஓட்டுப் போடுற ஆள் இல்ல. எழுதுற ஆள்.”

மதியத்துக்கு மேல் ஐந்தருவியில் தடையை எடுத்துவிட்டார்கள் என்று சேதி வந்ததும் விடுதியே கலகலத்தது. கணபதிசுப்பிரமணியன் இடுப்பில் துண்டும் உடம்பெல்லாம் எண்ணெயுமாக வராந்தாவில் வந்து நின்றார். மசாஜ்காரர் வேலையை நன்றாகவே செய்திருந்தார். நெற்றியிலிருந்து எண்ணெய் வழிந்ததால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பேசினார்.

“ஜெயபிரியா, உங்களை எடுத்துக்கறோம். காத்தாலை, மின்சார உறுப்பு, மோட்டார் எல்லாம் உங்களுது. இங்கேர்ந்தே பண்ணுங்கோ. ஆனா ஒண்ணு.”

“சொல்லுங்க சார்.”

“உங்க தம்பி அங்க இருக்கற வரைக்கும் மேகலை பம்ப்ஸ் உங்களுக்குக் கிடையாது. பம்ப் துறையே கிடையாது. போட்டிக் கம்பெனியைப் பத்தி எழுதினாலும் அது இதுக்குள்ள வந்துடும்னு ஜைனப் சொல்றா. அதை சாய் பாப்பான். நீங்க அவனுக்கு உதவக் கூடாது. நீங்க கட்டின கணக்கு மாதிரியைக்கூடக் காட்டக் கூடாது. சம்மதமா?”

ஆறு வருடத்தில் அவள் மிக நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது பம்ப் துறைதான். அவள் பெயர் சந்தையில் தெரிந்ததே அதனால்தான். தம்பியிடம் வேலையை விடச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டாள். வராந்தாத் தூணில் சாய்ந்து ஒரு நொடி யோசித்தாள். அந்த நொடியிலும் அவள் மனம் போனது துணைமின் நிலையங்களுக்குத்தான். இரண்டில் ஒன்று அடுத்த மாதம் முடிகிறதா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும், பஸ்ஸிலேயே போய்விடலாம்.

“சம்மதம் சார். எழுத்துல குடுத்துருங்க.”

“ஜைனப் ஏற்கெனவே எழுதியாச்சு. நீங்க ஒத்துக்கறதுக்கு முன்னாடியே எழுதியாச்சு” என்றார் அலுப்போடு. “எங்க வீட்லயும் இப்படித்தான் எல்லாம் நடக்கறது.” மூடிய கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு வேனைப் பார்த்து நடந்தார்.

சாய்கிருஷ்ணன் பின்தங்கினான். குரலைத் தாழ்த்தி, “பம்ப் துறைல எனக்கு ஒண்ணுமே தெரியாது. எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னாவது சொல்லக் கூடாதா?” என்று கேட்டான்.

ஜெயபிரியா ஜைனபைத் திரும்பிப் பார்த்தாள். ஜைனப் தலையை ஆட்டினார், ஆட்டியது இல்லை என்கிற பக்கமாக.

“கூடாதுங்காவ” என்றாள் ஜெயபிரியா. “ஓடுங்க, வேன் கெளம்புது. மறுபடியும் தண்ணி கூடுனா கயிறு கட்டிருவாங்க.”

அவன் ஓடினான். ஜெயபிரியா கையெழுத்திட வேண்டிய தாள்களை வாங்கி மடியில் வைத்து, கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.